மூன்று சார்ட்டில் ஒரு பங்கு: கொழும்புச் சந்தையில் நான் கற்றது

2022 மார்ச் மாதம் முழுக்க மணித்தியாலச் சார்ட்டை மட்டும் பார்த்துப் பங்கு வாங்கினேன். புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கு எழுதுகிறேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஃபோனைத் திறந்தால், விழுந்துகொண்டிருந்த ஒரு பங்கு சட்டென்று நிமிர்ந்து முந்தைய உச்சத்தைத் தாண்டுவது தெரியும். வாங்குவேன். இரண்டு நாளில் அது பழைய இடத்துக்கும் கீழே போய்விடும். ஒரே பங்கை அந்த மாதத்தில் நான்கு முறை வாங்கினேன், ஒவ்வொரு முறையும் 2 இலட்சம் ரூபாய்க்கு. நான்கிலும் சேர்த்துக் கிட்டத்தட்ட 42,000 ரூபாய் போனது.

நான்காவது முறை விற்றதும் என் தரகு நிறுவனத்தில் எனக்கு ஆலோசகராக இருக்கும் அக்கா தொலைபேசியில் ஒரே கேள்விதான் கேட்டார். "தம்பி, இந்தப் பங்கின்ர கிழமைச் சார்ட்டை ஒருக்காவாவது திறந்து பாத்தனீங்களா?"

பார்க்கவில்லை. அன்று இரவு வெள்ளவத்தையில் வீட்டுக்கு வந்து திறந்தேன். பெப்ரவரி முடிவதற்குள்ளேயே அந்தப் பங்கு தன் 20 வாரச் சராசரிக்கு, அதாவது கடைசி 20 வார மூடு விலைகளின் சராசரிக்கு, கீழே மூடியிருந்தது. அதன் பிறகு வந்த ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிடத் தாழ்வான உச்சம். நான் "நிமிர்ந்துவிட்டது" என்று நினைத்த நான்கு இடங்களும் வாராந்தச் சார்ட்டில் தனித்தனியாகத் தெரியவே இல்லை. நான்கும், விலை இறங்கிய வாரங்களைக் காட்டும் நீளமான சிவப்புப் பட்டைகளான கேண்டில்களுக்குள் மறைந்து கிடந்தன. சந்தை முழுக்கவே அப்படித்தான் இருந்தது. ஜனவரியில் 13,000 புள்ளிகளைத் தாண்டி நின்ற அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் ஏப்ரல் முடிவில் 8,000-க்குக் கீழே வந்துவிட்டது. இடையில் ஏப்ரல் 18-இலிருந்து ஐந்து வேலை நாட்கள் சந்தையே மூடிக் கிடந்தது.

அதற்குப் பிறகு நான் வாரம், நாள், மணித்தியாலம் என்று மூன்று சார்ட்டையும் பார்க்காமல் பொதுவாக எதையும் வாங்குவதில்லை. ஆனால் மூன்றையும் பார்ப்பது என்றால் என்ன என்பது விளங்கவே எனக்கு இன்னும் ஒன்றரை வருடம் பிடித்தது. அதைத்தான் எழுத நினைத்தேன்.

முதலில் நான் செய்தது, மூன்று சார்ட்டிலும் ஒரே கருவியைப் போட்டதுதான். வாராந்தம், நாளாந்தம், மணித்தியாலம் மூன்றிலும் விலை ஏறி இறங்கும் வேகத்தை அளக்கும் ஆர்எஸ்ஐ. மூன்றிலும் 20 கேண்டில் சராசரி. மூன்றும் மேலே காட்டினால் மூன்று சாட்சிகள் ஒரே பேச்சுப் பேசுகின்றன என்று எடுத்துக்கொண்டேன். கொழும்புச் சந்தையின் நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் அது தவறு என்று தெரிந்தது. வழக்கமான வர்த்தகம் காலை 9.30-இலிருந்து பிற்பகல் 2.30 வரை. அதாவது ஒரு நாளில் ஐந்து மணித்தியாலக் கேண்டில், ஒரு வாரத்தில் ஐந்து நாள் கேண்டில். ஆகவே 20 வாரச் சராசரி என்பது ஏறத்தாழ 100 நாள் சராசரிதான். 20 நாள் சராசரி என்பது மணித்தியாலச் சார்ட்டில் 100 கேண்டில் சராசரிதான். விலை ஒன்றுதான், அதை நான் மூன்று அளவில் வெட்டிப் பார்க்கிறேன், அவ்வளவே. சந்தை வேகமாக ஏறினால் மூன்று ஆர்எஸ்ஐயும் சேர்ந்துதான் ஏறும். மூன்றும் உச்சத்தில் சம்மதிக்கும் அந்த நேரம் பெரும்பாலும் வாங்குவதற்குப் பிந்திவிட்ட நேரம்.

அதனால் மூன்றிடமும் ஒரே கேள்வியைக் கேட்பதை விட்டுவிட்டேன். வாராந்தச் சார்ட்டிடம், இந்தப் பங்கை வாங்கலாமா என்று மட்டும் கேட்கிறேன். நாளாந்தச் சார்ட்டிடம், எந்த விலைப் பகுதியில் என்று கேட்கிறேன். மணித்தியாலச் சார்ட்டிடம், எப்போது என்று கேட்கிறேன். வாரம் "வேண்டாம்" என்றால் மற்ற இரண்டையும் திறப்பதே இல்லை. எங்களைப் போன்ற சாதாரண முதலீட்டாளர்கள் கொழும்பில் விலை விழும் என்று எண்ணி முதலில் விற்றுப் பிறகு வாங்கும் வழக்கம் இல்லை. ஆகவே கீழ்நோக்கிய வாரப் போக்கு என்றால் பணம் கணக்கிலேயே இருக்கும், முடிந்தது.

வாராந்தச் சார்ட்டில் நான் பார்ப்பது மூன்று விஷயம். வார மூடு விலை 20 வாரச் சராசரிக்கு மேலே இருக்க வேண்டும். அந்தச் சராசரி நான்கு வாரத்துக்கு முன்பு இருந்ததைவிட உயர்ந்திருக்க வேண்டும். விலை இறங்கித் திரும்பும் இடத்தை அடி என்கிறேன்; கடைசியாக அமைந்த அடி, அதற்கு முந்தைய அடியைவிட மேலே இருக்க வேண்டும். இரண்டு சரி, ஒன்று இல்லை என்றால் எனக்கு அது "இல்லை"தான்.

இதில் ஒரு தவறை நான் திரும்பத் திரும்பச் செய்தேன், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். வாரக் கேண்டில் வெள்ளிக்கிழமை 2.30-க்குத்தான் மூடுகிறது. அதுவரை அது வாரக் கேண்டிலே இல்லை. ஒரு புதன்கிழமை ஒரு ஹோட்டல் பங்கு 20 வாரச் சராசரியைத் தாண்டி நிற்பதைப் பார்த்து, வாரம் சம்மதித்துவிட்டது என்று வாங்கினேன். வெள்ளி மாலை பார்த்தால் அதே கேண்டில் மேலே நீண்ட வாலோடு சராசரிக்குக் கீழே மூடியிருந்தது. நான் வாங்கிய காரணம் சார்ட்டிலிருந்தே அழிந்துபோய்விட்டது. பழைய சார்ட்டைப் பின்னோக்கிப் பார்த்துப் பழகும்போது இந்தச் சிக்கல் தெரியாது, ஏனென்றால் அங்கே எல்லாக் கேண்டிலும் மூடியவை. இப்போது வாரக் கேள்விக்கு விடையைச் சனிக்கிழமை மட்டும்தான் எழுதுகிறேன். அடுத்த சனி வரை அந்த விடை மாறாது. இடையில் விலை என்ன செய்தாலும் அது நாளாந்தச் சார்ட்டின் விஷயம்.

எங்கள் ஊரில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். பௌர்ணமி விடுமுறையான போயா தினத்தில் சந்தை இல்லை. சித்திரைப் புத்தாண்டு வாரத்தில் பெரும்பாலும் இரண்டு நாள் போய்விடும். மூன்று நாள் வாரத்தின் வொலியூம் பட்டை, அதாவது கைமாறிய பங்குகளின் எண்ணிக்கை, குட்டையாக இருப்பதைப் பார்த்து, வாங்குவோர் ஒதுங்கிவிட்டார்கள் என்று நான் ஒரு முறை முடிவெடுத்திருக்கிறேன். இப்போது வாராந்த வொலியூமை அந்த வாரத்தின் வேலை நாட்களால் வகுத்துவிட்டுத்தான் ஒப்பிடுகிறேன். அதேபோல, வங்கிப் பங்குகள் பணத்துக்குப் பதிலாகப் பங்காகவே இலாபப் பங்கு தருவது உண்டு. சார்ட் அதற்கு ஏற்பத் திருத்தப்படாமல் இருந்தால் அந்த நாளில் ஒரு பள்ளம் விழுந்ததுபோல் தெரியும், 20 வாரச் சராசரியும் பல மாதத்துக்கு உண்மையைவிட மேலே நிற்கும். காரணம் தெரியாத பள்ளத்தைக் கண்டால் முதலில் நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துவிடுவேன்.

சரி, ஒரு வாங்கலை முழுதாகச் சொல்கிறேன். 2024 கடைசி மாதங்களில் சந்தை வேகமாக ஏறிக்கொண்டிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்தது ஒரு வங்கிப் பங்கு. வாராந்தச் சார்ட்டில் அதன் 20 வாரச் சராசரி 71 ரூபாயில் உயர்ந்துகொண்டிருந்தது. கடைசி இரண்டு அடிகள் 66, பிறகு 72. அதற்கு முன் இரண்டு முறை 82-இல் தட்டித் திரும்பியிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அது 86-இல் மூடியது. வாரம் சம்மதம் என்று சனிக்கிழமை கொப்பியில் எழுதினேன்.

திங்கட்கிழமையே வாங்கத்தான் மனம் சொன்னது. ஆனால் நாளாந்தச் சார்ட்டில் விலை 20 நாள் சராசரியிலிருந்து வெகு தூரம் மேலே போயிருந்தது. அங்கே வாங்கினால் தவறு என்று தெரிந்துகொள்ளும் விலை மிகக் கீழே இருக்கும், இழப்பும் அந்த அளவு பெரிதாகும். காத்திருந்தேன். பங்கு 91 வரை போய் அங்கிருந்து இறங்கத் தொடங்கியது. இப்படி இறங்கும்போது நான் கவனிப்பது வொலியூமை. ஏறியபோது இருந்ததைவிட இறங்கும்போது வொலியூம் குறைந்துகொண்டே வந்தால், பெரிய கைகள் விற்கவில்லை என்று எடுத்துக்கொள்கிறேன். இறங்கும் நாட்களின் வொலியூம் ஏறிய நாட்களை மிஞ்சினால், அது சிறிய இறக்கமாக இல்லாமல் வாரப் போக்கே திரும்பும் தொடக்கமாக இருக்கலாம், அப்போது ஒதுங்கிவிடுவேன். இந்தப் பங்கில் ஏழு நாள் இறக்கம், ஒவ்வொரு நாளும் வொலியூம் மெலிந்தது. விலை 83-க்கு வந்தபோது 20 நாள் சராசரியும் அங்கே இருந்தது, பழைய தடையான 82-உம் அருகில் இருந்தது. வாங்கும் பகுதி இதுதான் என்று முடிவானது.

அதன் பிறகுதான் மணித்தியாலச் சார்ட்டைத் திறந்தேன். இறக்கம் முழுக்க அதில் உச்சங்கள் படிப்படியாகத் தாழ்ந்திருந்தன: 86.50, 85.50, 84.80. அடி 82.80. நான் எதிர்பார்த்தது ஒன்றே ஒன்று, கடைசித் தாழ்ந்த உச்சமான 84.80-க்கு மேல் ஒரு மணித்தியாலக் கேண்டில் மூட வேண்டும். தொட்டுவிட்டுத் திரும்பினால் போதாது. நாளின் முதல் கேண்டிலையும் நான் கணக்கில் எடுப்பதில்லை. காலை 9.30-க்குச் சந்தை திறந்த கையோடு இரவு முழுக்கச் சேர்ந்த ஆர்டர்கள் மோதுவதால் அந்த நேரத்து விலை அங்குமிங்கும் துள்ளும். செவ்வாய்க்கிழமை 11.30-இலிருந்து 12.30 வரையிலான கேண்டில், முந்தைய கேண்டில்களைவிட அதிக வொலியூமோடு 85.20-இல் மூடியது. 85.30-க்கு வாங்கினேன்.

எத்தனை பங்கு என்பதில்தான் கொழும்புச் சந்தைக்கென்று ஒரு கணக்கு இருக்கிறது. தரகு, சந்தைக் கட்டணம், பங்குப் பரிவர்த்தனை வரி எல்லாம் சேர்த்து வாங்கும்போது 1.12 சதவீதம், விற்கும்போது இன்னொரு 1.12 சதவீதம். போய்வர 2.24 சதவீதம். 2022 மார்ச்சில் நான் இழந்த 42,000-இல் ஏறத்தாழ 18,000 இந்தக் கட்டணம்தான். ஏற்ற இறக்கத்தில் நான் சரியாகக் கணித்திருந்தாலும் அது போயிருக்கும்.

இந்தக் கட்டணம் இருக்கும்வரை மணித்தியாலச் சார்ட்டில் நுழைந்து, இழப்பை அத்தோடு நிறுத்த விற்றுவிடும் விலையான ஸ்டொப் லொஸ்ஸை அதே மணித்தியாலச் சார்ட்டில் வைக்க முடியாது. இந்த வாங்கலையே பாருங்கள். அன்றைய மணித்தியால அடி 84. அங்கே ஸ்டொப் வைத்தால் விலையில் நான் ஏற்கும் இழப்பு பங்குக்கு 1.30 ரூபாய். ஆனால் அங்கே விற்றால் கட்டணமே 1.90 ரூபாய். ஆபத்தைவிடச் செலவு பெரிது. அதனால் நுழைவுக்கு மட்டும் மணித்தியாலம், ஸ்டொப்புக்கு நாளாந்தம். நாளாந்த இறக்கத்தின் அடி 82.80, பழைய தடை 82. இரண்டுக்கும் கீழே 81.50-இல் ஸ்டொப் என்று எழுதினேன். விலை வித்தியாசம் 3.80, கட்டணம் ஏறத்தாழ 1.87, மொத்தம் பங்குக்கு 5.67 ரூபாய். ஒரு வாங்கலில் நான் இழக்கச் சம்மதிக்கும் தொகை 10,000 ரூபாய். ஆகவே 1,750 பங்கு. கட்டணத்தை மறந்திருந்தால் 2,600-க்கு மேல் வாங்கியிருப்பேன். அப்போது ஸ்டொப் பட்டால் இழப்பு 10,000-இல் நிற்காது, 15,000-ஐ நெருங்கும்.

வாங்கிய மறுநாள் பங்கு 83.60-க்கு இறங்கியது. மணித்தியால அடியான 84 உடைந்துவிட்டது. பழைய நானாக இருந்தால் அந்த நிமிடமே விற்றிருப்பேன், கட்டணத்தையும் சேர்த்து இழந்திருப்பேன். கொப்பியைத் திறந்து பார்த்தேன். வாரம் மாறவில்லை, 82.80 உடையவில்லை. நுழைந்த பிறகு மணித்தியாலச் சார்ட்டுக்கு வேலை இல்லை என்று நானே எழுதியிருந்தேன். அன்று கடையில் சரக்குக் கணக்கு முடிக்க வேண்டியிருந்தது நல்லதாகப் போயிற்று, மாலை வரை ஃபோனைத் தொடவில்லை. மூன்றாம் நாள் அது திரும்பியது. அதன் பிறகு 91-ஐத் தாண்டி, வாரத்துக்கு வாரம் ஏறியது. ஒரு நாள் 20 நாள் சராசரிக்குக் கீழே மூடியபோது மறுநாள் காலை 101-க்கு விற்றேன். கட்டணம் போக 23,800 ரூபாய் அளவு கையில் நின்றது. உச்ச விலையில் விற்கவில்லை, அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

மூன்றும் ஒத்துப்போனால் இழப்பு வராது என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அடுத்து நான் வாங்கிய ஒரு உற்பத்தி நிறுவனப் பங்கும் மூன்று கேள்விக்கும் சரியான விடைதான் தந்தது. நான்காம் நாள் காலை எதிர்பார்த்ததைவிட மோசமான காலாண்டுக் கணக்கு வெளியானது, பங்கு என் ஸ்டொப்புக்குக் கீழேயே திறந்தது. 10,000 என்று கணக்குப் போட்ட இழப்பு 12,600 ஆயிற்று. சார்ட்டுக்கு அந்தக் கணக்கு முன்கூட்டித் தெரியாது. இப்போது காலாண்டுக் கணக்குகள் வெளிவரும் வாரங்களில் புதிதாக நுழைவதில்லை.

இன்னொரு எல்லையும் உண்டு. கொழும்பில் பட்டியலிட்ட நிறுவனங்கள் பலவற்றின் பங்குகள் நாள் முழுக்க விரல்விட்டு எண்ணும் அளவே கைமாறும். அப்படியான பங்கின் மணித்தியாலச் சார்ட்டில் கேண்டிலுக்குப் பதில் வெறும் கோடும் இடைவெளியும்தான் இருக்கும். யாரோ ஒருவர் 100 பங்கைக் கூடிய விலைக்கு எடுத்தால் "உச்சம் உடைந்தது" என்று தெரியும். நான் ஒரு பங்கை எடுக்கும்முன் கடந்த 20 நாளின் மணித்தியாலச் சார்ட்டைப் பின்னோக்கி நகர்த்திப் பார்க்கிறேன். அந்த 100 கேண்டிலில் வர்த்தகமே இல்லாத மணித்தியாலங்கள் ஐந்துக்கு மேல் இருந்தால், அந்தப் பங்குக்கு மணித்தியாலச் சார்ட்டைப் பயன்படுத்துவதில்லை. வாரமும் நாளும் மட்டும் பார்த்து, நாளின் மூடு விலையை வைத்து வாங்குவேன், அதுவும் வழக்கத்தில் பாதி அளவுக்கு.

சார்ட் மென்பொருளையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிலவற்றில் மணித்தியாலக் கேண்டில் 9.30-இலிருந்து வெட்டப்படும், சிலவற்றில் கடிகார மணிக்கு வெட்டப்படும். இரண்டாவது வகையில் நாளுக்கு ஆறு கேண்டில் வரும், முதலும் கடைசியும் அரை மணித்தியாலம்தான். ஒன்றில் 84.80-க்கு மேல் மூடிய கேண்டில் மற்றதில் மூடாமல் இருக்கலாம். நான் இரண்டு செயலிகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எது சொல்வது உண்மை என்று ஒரு மதியம் முழுக்கக் குழம்பியிருக்கிறேன். எதை எடுத்தாலும் ஒன்றையே பிடித்துக்கொள்வதுதான் என் வழக்கம். எனக்கு 9.30-இலிருந்து வெட்டுவது பிடிக்கும், ஐந்தும் முழுக் கேண்டில்.

சனிக்கிழமை காலை வெள்ளவத்தைச் சந்தைக்குப் போய் மீனும் மரக்கறியும் வாங்கி வந்த பிறகுதான் கொப்பியை எடுப்பேன். பன்னிரண்டு பங்குகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. போன சனி பன்னிரண்டில் ஒன்பதுக்கு "இல்லை" என்று எழுதினேன். மூன்றில் இரண்டு நாளாந்தச் சராசரியிலிருந்து தூரத்தில் இருக்கின்றன. ஒன்று மட்டும் இறங்கத் தொடங்கியிருக்கிறது, வொலியூம் மெலிகிறது, பழைய தடைக்கு இன்னும் நாலு ரூபாய் இருக்கிறது. அக்காவிடம் அந்தப் பெயரைச் சொன்னேன். "கிழமைச் சார்ட்டைப் பாத்திட்டீங்கள்தானே, அப்ப பொறுங்கோ," என்றார். அதன் மணித்தியாலச் சார்ட்டை இன்னும் திறக்கவில்லை.